சி.வி.யை எந்த வடிவில் எழுதுவது? துண்டு துண்டான வேலை வரலாறு உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்று வேலை தேடுகிற பலருக்கு, சேர்ந்த இடத்திலேயே பல வருடம் இருந்த வரலாறு கிடையாது. 2021 ஜூலைக் கலவரத்தில் கிடங்கு எரிந்து வேலை போனவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தால் ஆலை முடங்கி வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். அதன்பிறகு, நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக ஆள் அனுப்பும் லேபர் புரோக்கர் மூலம் மூன்று மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று ஓடியிருக்கும். இப்படிப்பட்டவர் சி.வி. எழுத உட்கார்ந்ததும் வரும் முதல் சிக்கல் வடிவம்தான். வேலைகளைத் தேதி வாரியாக அடுக்குவதா, தேதியை ஒதுக்கிவிட்டுத் திறமைகளை மட்டும் சொல்வதா, இரண்டையும் கலப்பதா?

“இடைவெளி இருந்தால் திறன் அடிப்படை வடிவத்துக்குப் போங்கள், அது மறைத்துவிடும்” என்ற அறிவுரை பரவலாக உலவுகிறது. இந்த நாட்டு நிலவரத்துக்கு அது பெரும்பாலும் தவறான அறிவுரை. ஏன் என்பதைப் பார்க்கலாம். அந்த வடிவம் நிஜமாகவே உதவுகிற இடங்களும் உண்டு, அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

வடிவத்தை அழகை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தாள் யார் கைக்குப் போகிறது, அவர் அதில் என்ன தேடுகிறார் என்பதுதான் அளவுகோல். நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, படிப்பவர் முதல் பக்கத்தின் மேல் பாதியிலேயே உங்களுடைய பலமான வேலையைப் பார்க்கிறாரா? அடுத்த பக்கத்தைப் புரட்டுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, மாதங்களைக் கூட்ட முடிகிறதா? “குறைந்தது மூன்று வருட அனுபவம்” என்று விளம்பரம் கேட்டால், யாரோ ஒருவர் உட்கார்ந்து உங்கள் தேதிகளைக் கூட்டத்தான் போகிறார்.

மூன்றாவது, விசாரித்துப் பார்க்கும்போது தாளில் இருப்பது அப்படியே பொருந்துமா? இங்கே பழைய நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்பது சாதாரண நடைமுறை.

நான்காவது, கணினி அதைச் சரியாகப் படிக்குமா? பெரிய நிறுவனங்களும் ஆள் சேர்ப்பு நிறுவனங்களும் விண்ணப்பங்களை மென்பொருளில் ஏற்றுகின்றன. பதவி, நிறுவனம், தேதி மூன்றும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது ஒரு வேலையாகப் பதிவாகும்.

## கால வரிசை வடிவம்

கடைசியாகச் செய்த வேலை மேலே, பழையது கீழே. ஒவ்வொரு வேலைக்கும் பதவி, நிறுவனம், ஊர், சேர்ந்த மாதமும் வருடமும், விட்ட மாதமும் வருடமும், அதன் கீழே என்ன செய்தீர்கள் என்ற மூன்று நான்கு வரிகள். தென்னாப்பிரிக்க சி.வி.க்களில் “வேலையை விட்ட காரணம்” என்ற ஒரு வரியையும் பலர் சேர்ப்பார்கள். இது நமக்குக் கிடைத்த நல்ல வசதி. “ஆள்குறைப்பு: கிடங்கு மூடப்பட்டது”, “ஒப்பந்தக் காலம் முடிந்தது” என்று எழுதினால், படிப்பவர் மனதில் எழும் சந்தேகம் அந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

நான்கு கேள்விகளில் கடைசி மூன்றுக்கும் இந்த வடிவம் நன்றாகவே பதில் சொல்கிறது. கூட்டுவது எளிது, விசாரிப்பது எளிது, கணினிக்கும் குழப்பமில்லை. சறுக்குவது முதல் கேள்வியில்தான். அண்மைக்கால வேலைகள் சிறியவையாகவும் சிதறியவையாகவும் இருந்தால், மேல் பாதி முழுவதையும் அவையே பிடித்துக்கொள்ளும். எட்டு வருடம் உழைத்த வேலை இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும்.

ஒரே துறையில் படிப்படியாக உயர்ந்தவர், இடைவெளி ஆறு மாதத்துக்குள் இருப்பவர், அரசுத் துறைக்கு விண்ணப்பிப்பவர் ஆகியோர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இதுவே போதும்.

## திறன் அடிப்படை வடிவம்

இதில் முதலில் வருவது திறன் தலைப்புகள்: “சரக்குக் கட்டுப்பாடு”, “வாடிக்கையாளர் தொடர்பு”, “குழு மேற்பார்வை” என்று. ஒவ்வொன்றின் கீழும் எல்லா வேலைகளிலிருந்தும் பொறுக்கி எடுத்த சாதனைகள். வேலை வரலாறு கடைசியில் சுருக்கமாக, சில சமயம் தேதியே இல்லாமல் வரும்.

இதன் மறைமுகச் செலவுகள் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

“15 பேர் கொண்ட குழுவை மேற்பார்வையிட்டேன்” என்ற வரியைப் படிக்கிறவர் உடனே கேட்பது “எங்கே? எப்போது?” என்றுதான். தாளில் பதில் இல்லாவிட்டால் அவர் அதை நம்பாமல் தள்ளுகிறார், அல்லது கீழே போய்த் தேடுகிறார். தேடிப் பார்த்துத் தேதி இல்லை என்றானதும், ஏதோ மறைக்கப்படுகிறது என்ற முடிவுக்கு வருகிறார். பத்து மாத இடைவெளியை மறைக்கப் போய், இரண்டு வருட இடைவெளி இருக்குமோ என்று அவரை நினைக்க வைத்ததுதான் மிச்சம். ஆள் சேர்ப்பவர்கள் இந்த வடிவத்தைப் பார்த்துப் பழகியவர்கள். தாளைக் கையில் எடுத்ததுமே இடைவெளியைத் தேடத் தொடங்குவார்கள்.

கணினியிலும் சிக்கல். “சரக்குக் கட்டுப்பாடு” என்ற தலைப்பின் கீழ் எந்த நிறுவனமும் தேதியும் இல்லாததால், மென்பொருளின் அனுபவக் கட்டம் காலியாகவோ தாறுமாறாகவோ நிரம்பும். “மூன்று வருடத்துக்கு மேல்” என்று யாராவது வடிகட்டினால் நீங்கள் பட்டியலிலேயே வரமாட்டீர்கள். ஏன் கூப்பிடவில்லை என்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அரசு வேலைக்கு இது அறவே உதவாது. பொதுச் சேவைக்கு விண்ணப்பிக்கும்போது இசட் 83 படிவத்தோடு சி.வி.யும் சேர்த்து அனுப்ப வேண்டும். படிவத்திலேயே நிறுவனம், பதவி, காலம், விட்ட காரணம் எல்லாம் கேட்கிறார்கள். படிவம் ஒன்று சொல்லி சி.வி. தேதியே சொல்லாமல் இருந்தால், தேர்வுக்குழுவால் உங்கள் அனுபவத்தை உறுதிப்படுத்த முடியாது.

அப்படியானால் யாருக்கு இது? முறையான சம்பள வேலையே பார்த்திராதவருக்கு. ஃபீனிக்ஸில் பன்னிரண்டு வருடம் வீட்டில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, காவடித் திருவிழாவில் கோயில் சமையலை முன்நின்று நடத்தி, கூடவே திருமணங்களுக்குப் பலகாரம் செய்துகொடுத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சமையலறை மேற்பார்வையாளர் வேலைக்கு அவர் விண்ணப்பிக்கிறார். கால வரிசையில் எழுதினால் தாளில் எழுத எதுவுமே இல்லாததுபோல் ஆகிவிடும். “ஒரு வேளைக்கு 600 பேருக்குச் சமையல் திட்டமிடல்”, “மளிகை வாங்குதலும் கணக்கும்”, “12 தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்தல்” என்று திறன் வாரியாக எழுதினால் அவர் யார் என்பது தெரியும். அங்கேயும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கோயிலின் பெயரும் வருடமும் இருக்கட்டும். கோயில் நிர்வாகக் குழுவில் ஒருவருடைய பெயரை, அவர் சம்மதத்தோடு, சான்று சொல்பவராகக் கொடுக்கலாம். சிறிய நிறுவனம், முதலாளியே நேரில் படிக்கிறார், அறிமுகத்தின் பேரில் தாள் போகிறது என்றால் இந்த வடிவம் பலன் தரும். இணையதளத்தில் ஏற்றும் விண்ணப்பத்துக்கு வேண்டாம்.

## கலப்பு வடிவம்

மேலே நான்கைந்து வரியில் திறன் தொகுப்பு. அதற்குக் கீழே முழுமையான, தேதியோடு கூடிய கால வரிசை. திறன் தொகுப்பில் வருகிற ஒவ்வொரு வரிக்கும் கீழே எந்த வேலையில் ஆதாரம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதுதான் இந்த வடிவத்தின் உயிர். “கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்” என்பது போன்ற ஆதாரமில்லாத சொற்களால் மேல்பகுதியை நிரப்பினால், நல்ல இடம் வீணாவதைத் தவிர ஒரு பயனும் இல்லை.

இதன் செலவு உங்களுடைய நேரம். திறன் தொகுப்பை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மாற்றி எழுத வேண்டும். ஒருமுறை எழுதி நாற்பது இடத்துக்கு அனுப்பினால் பலன் பாதியாகிவிடும். இன்னொரு ஆபத்து நீளம். மேலே சொன்னதையே கீழேயும் சொல்லி நான்கு பக்கம் ஆக்கிவிடுவார்கள். இங்கே இரண்டிலிருந்து மூன்று பக்கம் வரை யாரும் குறை சொல்லமாட்டார்கள், அதற்கு மேல் வேண்டாம்.

| | கால வரிசை | திறன் அடிப்படை | கலப்பு |
|---|---|---|---|
| பலமான வேலை மேலே தெரியுமா | அது கடைசி வேலையாக இருந்தால் மட்டும் | திறன் தெரியும், வேலை தெரியாது | தெரியும் |
| மாதங்களைக் கூட்டலாமா | எளிதாக | முடியாது | எளிதாக |
| விசாரணையில் பொருந்துமா | பொருந்தும் | சந்தேகத்தோடு தொடங்கும் | பொருந்தும் |
| கணினி படிக்குமா | படிக்கும் | பெரும்பாலும் குழம்பும் | படிக்கும் |
| எழுத ஆகும் உழைப்பு | ஒருமுறை | ஒருமுறை, ஆனால் நீளும் | ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் |

## ஒரே வரலாறு, மூன்று தாள்கள்

பலருடைய நிலைமையைச் சேர்த்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டு இது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு பெண். 2007இல் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக். 2008 பிப்ரவரி முதல் 2012 நவம்பர் வரை ஆடை ஆலையில் டிஸ்பாட்ச் கிளார்க், ஆலை மூடப்பட்டது. 2013 மார்ச் முதல் 2021 ஆகஸ்ட் வரை மொபேனியில் ஒரு கிடங்கு. அங்கே முதலில் ஸ்டாக் கிளார்க், 2017 ஜூனிலிருந்து ஸ்டாக் கண்ட்ரோலர். கலவரத்துக்குப் பிறகு ஆள்குறைப்பு. பதின்மூன்று மாதம் வேலை இல்லை. 2022 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை இரண்டு புரோக்கர்கள் மூலம் ஐந்து ஒப்பந்தங்கள்: 3, 3, 6, 3, 8 மாதங்கள். ஆறு மாத ஒப்பந்தம் பேறுகால விடுப்பில் போனவருக்குப் பதிலாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாத இடைவெளி.

அவர் விண்ணப்பிக்கும் வேலை ஸ்டாக் கண்ட்ரோலர். கேட்பது மூன்று வருட அனுபவம், சுழற்சி முறையில் சரக்கு எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

நேரடிக் கால வரிசையில் எழுதினால் முதல் பக்கம் முழுக்க ஐந்து ஒப்பந்தங்கள். படிப்பவர் கண்ணில் படுவது, 27 மாதத்தில் ஐந்து இடம் மாறிய ஒருவர். 51 மாதம் ஸ்டாக் கண்ட்ரோலராக இருந்தது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதுவரை அவர் போனால்தானே?

திறன் அடிப்படையில் எழுதினால் “சரக்கு எண்ணிக்கையில் 10 வருட அனுபவம்” என்று பெரிதாக வரும். ஆனால் 51 மாதம் என்ற அந்த உறுதியான எண்ணே காணாமல் போகும். இவருடைய பலமே தேதியில் இருக்கிறது. அதைத் தானே மறைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு!

கலப்பு வடிவில் மேல்பகுதி இப்படி இருக்கும் (அனுப்பும்போது ஆங்கிலத்தில்):

> ஸ்டாக் கண்ட்ரோலர்: 4 வருடம் 3 மாதம், மொபேனி கிடங்கு, 2017–2021
> சுழற்சி எண்ணிக்கை: 4,200 பொருள் வகைகள், நாளுக்கு 60, 14 வாரத்தில் ஒரு முழுச் சுற்று
> கணக்குக்கும் கையிருப்புக்கும் உள்ள வேறுபாடு 2.1 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதமாகக் குறைந்தது
> ஒப்பந்தப் பணிகள்: 2022–2024, ஐந்தும் முழுக் காலம் முடிக்கப்பட்டவை

கணக்கைக் கவனியுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 60 என்றால் 14 வாரத்தில் 4,200. நேர்காணலில் இதைக் கேட்பார்கள், எண்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத எண்ணை எழுதுவதைவிட எண்ணே எழுதாமல் இருப்பது மேல்.

அடுத்து கால வரிசை. ஐந்து ஒப்பந்தங்களையும் ஒரே தலைப்பின் கீழ் கட்டிவிட வேண்டும்: “ஒப்பந்தப் பணிகள், சரக்கு மற்றும் டிஸ்பாட்ச், 2022 அக்டோபர் – 2024 டிசம்பர்”. அதன் கீழே ஒப்பந்தத்துக்கு ஒரு வரி: புரோக்கர் பெயர், வேலை செய்த இடம், மாதங்கள், பதவி. மொத்தம் ஆறு வரிக்குள் அடங்கிவிடும். உடனே கீழே, முதல் பக்கத்திலேயே, மொபேனி வேலை தொடங்கிவிடும். எதையும் மறைக்கவில்லை. ஐந்து தாவல்களாகத் தெரிந்தது ஒரு காலகட்டமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மூன்று மாத ஒப்பந்தம் என்பதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 198ஏ பிரிவு 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே சம்பளம் வாங்கும் ஒருவர் புரோக்கர் வழியாக மூன்று மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை செய்தால், சில விதிவிலக்குகள் தவிர, அந்த இடத்தின் ஊழியராகவே சட்டம் அவரைக் கருதும். மூன்று மாத ஒப்பந்தங்கள் இவ்வளவு சகஜமானதற்கு இது ஒரு காரணம் என்று ஆள் சேர்ப்பவருக்குத் தெரியும். ஆனால் அது ஒப்பந்தம் என்று தாள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மூன்று மாதத்தில் துரத்தப்பட்டவர் என்றே படிப்பார்.

புரோக்கர் பெயரை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பலர் பெரிய நிறுவனத்தின் பெயர் நன்றாக இருக்கிறதே என்று வேலை செய்த இடத்தை மட்டும் எழுதிவிடுகிறார்கள். விசாரிப்பவர் அங்கே போன் செய்கிறார். “எங்கள் சம்பளப் பட்டியலில் அப்படி யாரும் இல்லை” என்று பதில் வருகிறது. உண்மையைச் சொன்னவர் பொய் சொன்னவராகிவிடுகிறார். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருந்ததோ அந்தப் பெயரை முதலில் எழுதி, வேலை செய்த இடத்தை அதன் பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

பதின்மூன்று மாத இடைவெளிக்கும் ஒரு வரி போதும்: “2021 செப்டம்பர் – 2022 செப்டம்பர்: ஆள்குறைப்புக்குப் பின் வேலை தேடல், குடும்பப் பொறுப்பு.” விளக்கம் வேண்டாம். அந்தக் காலத்தில் ஃபோர்க்லிஃப்ட் உரிமம் எடுத்திருந்தால் அதையும் அதே வரியில் சேர்க்கலாம்.

## தேதிகளை எங்கிருந்து எடுப்பது

கால வரிசையோ கலப்போ, இரண்டுக்கும் துல்லியமான மாதங்கள் வேண்டும். நினைவை நம்பாதீர்கள். வேலையை விடும்போது பணிச் சான்றிதழ் கொடுக்க வேண்டியது சட்டப்படி முதலாளியின் கடமை. அதில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் பதவியும் இருக்கும். வேலையின்மைக் காப்பீடான யு.ஐ.எஃப். பணத்துக்காகக் கொடுத்த யு.ஐ. 19 படிவத்திலும் தேதிகள் உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் ஐ.ஆர்.பி. 5 வரிச் சான்றிதழில், அந்த வரி ஆண்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்தீர்கள் என்று இருக்கும். இவற்றை வைத்து முதலில் ஒரு தாளில் எல்லா வேலைகளையும் மாத வாரியாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு வடிவத்தைத் தீர்மானியுங்கள். வெறும் வருடத்தை மட்டும் எழுதி இடைவெளியைச் சுருக்கிக் காட்டும் பழக்கம் வேண்டாம். “2021–2022” என்பது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இருபத்து நான்கு மாதமாகவும் இருக்கலாம். கூட்டுகிறவர் குறைவானதைத்தான் எடுத்துக்கொள்வார்.

## வேறு சில நிலைமைகள்

துறை மாறுகிறவருக்குக் கலப்பு. பத்து வருடம் ஆசிரியராக இருந்து நிறுவனப் பயிற்சியாளர் வேலைக்குப் போகிறவர், பாடத் திட்டமிடல், மதிப்பீடு, பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆகியவற்றை மேலே கொண்டுவந்து, பள்ளி வேலையைத் தேதியோடு கீழே வைக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே வேலை தேடுகிறவருக்குக் கால வரிசையே நல்லது. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது என்பதால், அது என்ன நிறுவனம், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பெயருக்குக் கீழே அரை வரி எழுத வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை, கல்வித் தகுதிகளை மதிப்பிடும் அமைப்பான சாக்வா மதிப்பிட்டிருந்தால், தேசியத் தகுதிச் சட்டகமான என்.கியூ.எஃப்.-இல் அது கொடுத்த நிலையைப் பட்டத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். இங்கே மெட்ரிக் 4ஆம் நிலை, மூன்று வருடப் பட்டம் 7ஆம் நிலை. படிப்பவர் அந்த எண்ணைத்தான் தேடுவார்.

ஓட்டுநர், வெல்டர், ஃபிட்டர் போன்ற வேலைகளுக்கு வடிவம் பெரிய விஷயமில்லை. உரிமத்தின் வகையும் டிரேட் டெஸ்ட் தேறிய வருடமும் மேலே இருந்தால் போதும், மீதியைக் கால வரிசையில் எழுதுங்கள்.

எந்த வடிவமானாலும் அனுப்பும் முன் ஒரு சோதனை. கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெறும் எழுத்துச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். பதவியும் நிறுவனமும் தேதியும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தால் கணினியும் பெரும்பாலும் அப்படியே படிக்கும். தேதிகள் எல்லாம் கூட்டமாகக் கடைசியில் போய் விழுந்தால், நீங்கள் இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த டெம்ப்ளேட்டையோ கட்டங்களையோ பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதைக் கலைத்து, ஒரே நெடுவரிசையாக மாற்றி, திரும்ப ஒட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.